குழாய் முனையில் ஒரு வெட்டு: லேத் டூலின் மேல் விழும் விசை, ஷியர் கோணம், சிப் வகைகள்

நீலகிரியில் லேத் ஓடும் பட்டறைகளுக்குத் தேயிலை ஃபேக்டரிகள்தான் முக்கிய வாடிக்கை. குன்னூர், கோத்தகிரி பக்கம் ஒரு பட்டறையில் ஒரு நாள் நின்று பார்த்தால் மைல்ட் ஸ்டீல் ஷாஃப்ட், காஸ்ட் அயர்ன் பேரிங் ஹவுசிங், கன்மெட்டல் புஷ், தேயிலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி ரோலரின் ஸ்டெயின்லெஸ் செக்மென்ட் என்று நான்கு விதமான உலோகம் ஒரே சக்கில் ஏறி இறங்கும். லேத்தின் அடியில் நான்கு விதமான சிப், அதாவது உலோகச் சீவல், குவியும். அந்தக் குவியலைப் படிக்கக் கற்றுக்கொண்டால் டூலின் மேல் என்ன விசை விழுகிறது, ஏன் விழுகிறது என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அதைக் கற்க எனக்குத் தெரிந்த மிக நல்ல வழி, ஒரு குழாயின் முனையை வெட்டி, வரும் சிப்பை அளந்து, கணக்குப் போட்டுப் பார்ப்பது. அதைத்தான் இங்கே தொடக்கம் முதல் கடைசி வரை செய்யப்போகிறோம்.

ஏன் குழாய்?

சாதாரண டர்னிங்கில் டூலின் வெட்டு விளிம்பு சாய்வாக நிற்கிறது, மூக்கு வளைவும் சேர்ந்து வெட்டுகிறது, சிப் பக்கவாட்டில் ஓடுகிறது. விசை மூன்று திசையிலும் பிரிந்துவிடுவதால் எது எதனால் வந்தது என்று பிரித்தறிவது கடினம். ஆர்த்தோகனல் வெட்டில் விளிம்பு நேர்கோடாக இருக்கும். உலோகம் வரும் திசைக்கு அது சரியாகச் செங்குத்தாக நிற்கும். அப்போது எல்லாம் ஒரே தளத்தில் நடப்பதால் இரண்டு விசைகள் போதும்: உலோகம் வரும் திசையில் டூலை அழுத்தும் வெட்டு விசை Fc, ஃபீட் திசையில் டூலைப் பின்னுக்குத் தள்ளும் விசை Ft.

குழாயின் முனையை, சுவரின் தடிப்பைவிட அகலமான நேர் விளிம்பு டூலால் அச்சுத் திசையில் சீவினால் இந்த நிலை கிடைத்துவிடுகிறது. விளிம்பின் இரு முனைகளும் சுவருக்கு வெளியே நிற்பதால் மூக்கு வெட்டுவதில்லை. சுவரின் தடிப்பே வெட்டின் அகலம். ஒரு சுற்றுக்கான ஃபீட்தான் வெட்டப்படும் அடுக்கின் தடிப்பு; அதை t1 என்போம்.

முதல் படி: குழாயையும் டூலையும் தயார் செய்தல்

கடையில் வாங்கும் குழாயின் சுவர் எல்லாப் பக்கமும் ஒரே தடிப்பில் இருக்காது. அதனால் சற்றுத் தடித்த மைல்ட் ஸ்டீல் குழாயை எடுத்து, ஒரே பிடிப்பில் வெளிவிட்டம் 50 மிமீ, உள்விட்டம் 44 மிமீ வரும்படி வெளியிலும் உள்ளேயும் சீவிக்கொள்ளுங்கள். சுவர் 3 மிமீ, சராசரி விட்டம் 47 மிமீ. சக்கின் தாடை குழாயை நசுக்காமலிருக்க, பிடிக்கும் இடத்தில் உள்ளே ஒரு உருளைத் துண்டைச் செருகுங்கள். சக்கிலிருந்து 40 மிமீக்கு மேல் வெளியே நீட்ட வேண்டாம். நீட்டினால் அதிர்வு வரும், அதிர்ந்தால் சிப்பின் தடிப்பு அலைபாயும்.

மழைக்காலத்தில் இங்கே பனிமூட்டத்தில் ஒரே இரவில் துரு பூத்துவிடும். சீவிய குழாயை மறுநாளுக்கு வைப்பதானால் எண்ணெய் தடவி வைத்து, வெட்டும் முன் நன்றாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் படலம் மிச்சமிருந்தால் முதல் சில சுற்றுகளின் உராய்வு மாறிப்போகும்.

டூலுக்கு பிரேஸ் செய்த கார்பைட் முனை போதும். இங்கே பலர் தடுமாறுவது ரேக் கோணத்தில்தான், அதாவது சிப் ஓடும் டூல் முகத்தின் சாய்வில். குழாய் முனையை வெட்டும்போது விளிம்பு ஆரத் திசையில் நிற்கிறது. ஆகவே கணக்கில் வரும் ரேக், டூலின் பக்க ரேக். அதை 10 டிகிரிக்கு அரையுங்கள். பின் ரேக் பூஜ்ஜியமாக இருக்கட்டும். கிளியரன்ஸ் 6 டிகிரி. சிப் பிரேக்கர் பள்ளம் எதுவும் வேண்டாம். அது ரேக்கையே மாற்றிவிடும்.

விளிம்பு லேத்தின் மைய உயரத்தில் துல்லியமாக நிற்க வேண்டும். 23.5 மிமீ ஆரத்தில் 1 மிமீ மேலோ கீழோ போனால், விளிம்பு வேகத்தின் திசைக்குச் சுமார் 2.4 டிகிரி சாய்ந்துவிடும். பிறகு அது ஆர்த்தோகனல் வெட்டு அல்ல.

இரண்டாம் படி: வெட்டுதல்

குழாயின் வெளிச் சுவரில், அச்சுக்கு இணையாக, பாதித் தடிப்பு ஆழத்துக்கு ஹேக்ஸாவால் ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் சிப்பின் ஓரத்தில் அந்த இடத்தில் ஒரு வெட்டுக்குறி விழும். சில சமயம் சிப் அங்கேயே உடையும். இரண்டு குறிகளுக்கு இடைப்பட்ட நீளம் ஒரு சுற்றில் வந்த சிப். இந்த ஒரு கோடு அடுத்த படியின் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும்.

வேகம் 630 ஆர்பிஎம், ஃபீட் சுற்றுக்கு 0.2 மிமீ, கூலன்ட் இல்லாமல். 47 மிமீ சராசரி விட்டத்தில் வெட்டு வேகம் நிமிடத்துக்கு 93 மீட்டர். வெட்டு அகலம் t1-ஐப் போல 15 மடங்கு இருப்பதால் சிப் அகலவாட்டில் விரிவது மிகக் குறைவு. இந்த விகிதம் 10-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போனால் பின்வரும் சூத்திரங்கள் தளர்ந்துவிடும்.

இரண்டு மூன்று வினாடி வெட்டியதும் ஃபீடை விடுவித்துவிடுங்கள். அதற்குள் இருபது முப்பது சுற்று ஓடியிருக்கும், அளக்கத் தாராளமாகப் போதும். சிப்பைக் கையால் இழுக்கக் கூடாது. லேத் நின்ற பிறகு கொக்கியால் எடுங்கள்.

விசையை அளக்க பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி லேப்களில் இருக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜ் டைனமோமீட்டர் வேண்டும். அது மூன்று திசைகளைக் காட்டுவதாக இருந்தால், முதலில் ஆரத் திசையின் அளவைப் பாருங்கள். அது பூஜ்ஜியத்துக்கு அருகில் இல்லையென்றால் விளிம்பு சாய்ந்திருக்கிறது என்று பொருள். மற்ற இரண்டு எண்களைக் குறிக்கும் முன் அதைச் சரிசெய்தாக வேண்டும்.

நம் கணக்குக்கு வெட்டுத் திசையில் 122 கிலோ, ஃபீட் திசையில் 55 கிலோ என்று எடுத்துக்கொள்வோம். மைல்ட் ஸ்டீலுக்கு இந்த அளவில் எதிர்பார்க்கக்கூடிய எண்கள்தான். 9.81-ஆல் பெருக்கினால் Fc சுமார் 1200 நியூட்டன், Ft சுமார் 540 நியூட்டன்.

மூன்றாம் படி: சிப்பிலிருந்து ஷியர் கோணம்

டூல் உலோகத்தைக் கத்தி வாழைத்தண்டைப் பிளப்பதுபோலப் பிளப்பதில்லை. டூலின் முனையிலிருந்து மேற்பரப்பு வரை சாய்வாக ஒரு மெல்லிய பட்டை இருக்கிறது. அதைக் கடக்கும் ஒவ்வொரு அடுக்கும் பக்கத்து அடுக்கின் மேல் வழுக்கி நகர்ந்து சிப்பாகிறது. பின்லாந்தின் வைனோ பீஸ்பானன் 1937-இல் இதைச் சாய்ந்து சரியும் சீட்டுக்கட்டாக வரைந்து காட்டினார். அந்தப் பட்டை, அதாவது ஷியர் தளம், வெட்டுத் திசையோடு எழுப்பும் கோணம்தான் ஷியர் கோணம், φ.

வழுக்கி வரும் உலோகம் குறுகித் தடிப்பதால், சிப் எப்போதும் வெட்டிய அடுக்கைவிடத் தடித்தும் குட்டையாகவும் இருக்கும். எவ்வளவு குட்டையாகிறது என்பது φ-ஐச் சொல்லிவிடும்.

சிப்பின் தடிப்பை மைக்ரோமீட்டரால் நேராக அளக்கலாம், ஆனால் அது எப்போதும் கூடுதலாகவே காட்டும். சிப்பின் டூல் பக்கம் வழவழப்பாக இருந்தாலும் மேல்பக்கம் சொரசொரப்பு. மைக்ரோமீட்டர் மேடுகளின் உச்சியைத்தான் தொடும். சுருண்ட சிப்பில் தட்டை முகங்கள் ஒழுங்காக உட்காரவும் செய்யாது. ஆகவே நீளத்தை நம்புங்கள். ஒரு நூலைச் சிப்பின் அகலத்தின் நடுவே வளைவோடு ஒட்டி வைத்து, குறிக்குக் குறி அளந்து, நூலை நிமிர்த்தி ஸ்கேலில் வையுங்கள். பத்துத் துண்டுகளாவது அளந்து சராசரி எடுங்கள்.

ஒரு சுற்றில் வெட்டப்பட்ட நீளம் 47 × 3.1416, அதாவது 147.7 மிமீ. சிப்பின் நீளம் சராசரியாக 59 மிமீ வந்ததாக வைத்துக்கொள்வோம். விகிதம் r = 59 / 147.7 = 0.40. அகலம் மாறாததால் தடிப்பு t2 = 0.2 / 0.40 = 0.50 மிமீ. இதே சிப்பில் மைக்ரோமீட்டர் 0.54 காட்டினால் வியக்க வேண்டாம்.

```
tan φ = r cos α / (1 - r sin α)
      = 0.40 × 0.985 / (1 - 0.40 × 0.174)
      = 0.423
φ     = 22.9°
```

இங்கே α என்பது ரேக், 10 டிகிரி. டைனமோமீட்டர் இல்லாத பட்டறையிலும் இதுவரை வந்துவிடலாம்: ஒரு நூல், ஒரு ஸ்கேல், ஒரு கால்குலேட்டர் இருந்தால் ஷியர் கோணம் கைக்கு வந்துவிடும்.

நான்காம் படி: விசையைப் பிரித்துப் பார்த்தல்

டைனமோமீட்டர் காட்டிய இரண்டும் சேர்ந்தது ஒரே விசைதான். அதை ரேக் முகத்தின் வழியாகப் பிரித்தால் உராய்வு கிடைக்கும். ஷியர் தளத்தின் வழியாகப் பிரித்தால் உலோகத்தை வழுக்க வைத்த விசை கிடைக்கும். மெர்ச்சன்ட் வட்டம் என்று பாடத்தில் வரைவது இந்தப் பிரிப்பைத்தான். யூஜின் மெர்ச்சன்ட் 1940-களில் கொடுத்த முறை அது. படம் வரையாமலும் கணக்கிடலாம்.

```
F  = Fc sin α + Ft cos α = 740 N
N  = Fc cos α - Ft sin α = 1088 N
Fs = Fc cos φ - Ft sin φ = 895 N
```

F என்பது சிப் ரேக் முகத்தில் உரசும் விசை, N அந்த முகத்துக்குச் செங்குத்தான அழுத்தம், Fs ஷியர் தளத்தில் உலோகத்தை வழுக்க வைத்த விசை. F-க்கும் N-க்கும் உள்ள விகிதம் 0.68. எண்ணெய் போட்ட பேரிங்கை நினைத்தால் இது மிக அதிகம். ஆனால் சிப்பின் அடிப்பக்கம் காற்றையே பார்க்காத புத்தம்புது உலோகம். அது கடும் அழுத்தத்தில், சூட்டில், கார்பைட்டோடு ஏறக்குறைய ஒட்டிக்கொண்டே நகர்கிறது. அதனால் 0.68 இயல்புதான்.

ஷியர் தளத்தின் பரப்பு, வெட்டிய குறுக்குப் பரப்பை sin φ-ஆல் வகுத்தது. 0.2 × 3 = 0.6 சதுர மிமீ, அதை 0.39-ஆல் வகுத்தால் 1.54. Fs-ஐ இதால் வகுத்தால் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 580 நியூட்டன். மைல்ட் ஸ்டீல் இவ்வளவு கடுமையாக உருமாறும்போது காட்டும் எதிர்ப்பு இந்த அளவில்தான் இருக்கும். உங்கள் கணக்கில் 200 என்றோ 1500 என்றோ வந்தால் எங்கோ தவறியிருக்கிறீர்கள். முதலில் சுவரின் தடிப்பையும், கிலோவை நியூட்டனாக மாற்றியதையும் சரிபாருங்கள்.

சக்தியையும் பார்த்துவிடலாம். 1200 நியூட்டனை வினாடிக்கு 1.55 மீட்டரால் பெருக்கினால் 1860 வாட், ஏறக்குறைய இரண்டரை குதிரைத் திறன். இதில் உராய்வுக்குப் போவது சுமார் 460 வாட். மீதி 1400 வாட், அதாவது முக்கால் பங்கு, ஷியர் தளத்தில் செலவாகிறது. விசையைக் குறைக்க நினைப்பவர் முதலில் ஷியர் தளத்தைப் பார்க்க வேண்டும் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

φ சிறிதானால் அந்தத் தளம் நீளும். அதே டூலை ரேக் இல்லாமல் அரைத்து வெட்டியதில் சிப் 0.58 மிமீ தடித்ததாகக் கொள்வோம். φ 19 டிகிரிக்கு இறங்கும். தளத்தின் பரப்பு 1.54-இலிருந்து 1.84 ஆகும். உலோகம் அதேதான், ஃபீட் அதேதான், ஆனால் வழுக்க வைக்க வேண்டிய பரப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. வெட்டு விசையும் மேலே ஏறும். ரேக்கைக் கூட்டினாலோ, ரேக் முகத்தின் உராய்வைக் குறைத்தாலோ φ உயரும், சிப் மெலியும், விசை இறங்கும்.

கணக்கு எங்கே நிற்காது

உராய்வு தெரிந்தால் φ-ஐ முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று மெர்ச்சன்ட் ஒரு சூத்திரமும் கொடுத்தார்: φ = 45° − (β − α)/2. tan β = F/N = 0.68 என்பதால் உராய்வுக் கோணம் β நம் கணக்கில் 34.2 டிகிரி. அதைப் போட்டால் φ 32.9 டிகிரி வருகிறது. சிப் சொன்னதோ 22.9. லீ, ஷாஃபர் இருவரும் 1951-இல் கொடுத்த φ = 45° − (β − α) என்பதைப் போட்டால் 20.8. இரண்டுமே பொருந்தவில்லை. உலோகம் ஒரே மெல்லிய தளத்தில் வழுக்குகிறது, டூலின் விளிம்பு முழுக் கூர்மை, உராய்வு முகம் முழுதும் ஒரே சீர் என்ற ஊகங்கள் அவற்றுக்குள் இருக்கின்றன. தேர்வில் மெர்ச்சன்ட் சூத்திரத்தால் φ கேட்டால் அதைப் போடுங்கள். லேத்தின் முன் நிற்கும்போது சிப்பை அளந்து வந்ததை நம்புங்கள்.

இன்னொரு பொறி, மழுங்கிய டூல். விளிம்பு மழுங்கினால் அது வெட்டப்படும் பரப்பை அழுத்தித் தேய்க்கவும் செய்யும். அந்தத் தேய்ப்பு விசை ரேக் முகத்தின் உராய்வோடு சேர்ந்து, உராய்வு விகிதத்தைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். கண்டுபிடிக்க எளிய வழி, 0.1, 0.15, 0.2, 0.3 ஃபீடில் வெட்டி Ft-ஐ கிராஃபில் குறிப்பது. கோட்டைப் பூஜ்ஜிய ஃபீடுக்கு நீட்டினால் அங்கே மிச்சம் நிற்கும் விசைதான் விளிம்பின் தேய்ப்பு. கூரிய டூலிலும் கொஞ்சம் இருக்கும். டூல் தேயத் தேய அது வளரும்.

ஐந்தாம் படி: சிப்பின் வகையை அறிதல்

1938-இல் ஹான்ஸ் எர்ன்ஸ்ட் சிப்களை மூன்றாகப் பிரித்தார்: தொடர் சிப், பில்ட்-அப் எட்ஜோடு வரும் தொடர் சிப், துண்டுச் சிப். ரம்பப் பல் போன்ற சிப் பின்னால் சேர்ந்தது. நாம் மேலே வெட்டியது தொடர் சிப். டூல் பக்கம் கண்ணாடிபோல் மின்னும், மேல்பக்கம் மங்கலாக நுண்ணிய வரிகளோடு இருக்கும், டைனமோமீட்டரின் முள் நிலையாக நிற்கும்.

அதே குழாயை, அதே டூலால், 200 ஆர்பிஎம்மில் வெட்டிப் பாருங்கள். வேகம் நிமிடத்துக்கு 30 மீட்டருக்கு இறங்கும். மைல்ட் ஸ்டீலில் இந்த வேகத்தில் உலோகத் துணுக்குகள் டூலின் முனையில் ஒட்டி, அடுக்கடுக்காக வளர்ந்து, உடைந்து, மறுபடி வளரும். இதுதான் பில்ட்-அப் எட்ஜ். சிப்பின் மின்னும் பக்கம் மங்கிப் போயிருக்கும். வெட்டிய பரப்பு கிழிந்ததுபோல் இருக்கும், அதில் ஆங்காங்கே பளிச்சென்ற துணுக்குகள் பதிந்திருக்கும். டூலை லென்ஸில் பார்த்தால் முனையில் சிறு மேடு தெரியும்.

ஒட்டிய மேடே டூலாகி வெட்டும்போது, அதன் ரேக் நாம் அரைத்த 10 டிகிரியைவிட அதிகமாக இருக்கும். அதனால் சிப் மெலியலாம், வெட்டு விசையும் இறங்கலாம். எண்ணை மட்டும் பார்ப்பவர் 200 ஆர்பிஎம்தான் நல்லது என்று முடிவுகட்டிவிடுவார். ஆனால் α இப்போது 10 அல்ல. எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஆகவே மேலே போட்ட எந்தக் கணக்கும் இந்தச் சிப்புக்குச் செல்லாது. சிப்பின் அடிப்பக்கத்தைப் பார்த்து, மின்னினால் மட்டும் கணக்கைத் தொடங்குங்கள்.

காஸ்ட் அயர்ன் வேறு கதை. அதிலுள்ள கிராஃபைட் இதழ்களால் வழுக்கி நீள்வதற்கு முன்பே விரிசல் ஓடிவிடும். சிப் பொடியாகவும் சிறு துண்டுகளாகவும் உதிரும். ஒவ்வொரு துண்டு உடையும்போதும் விசை ஏறி இறங்கும், முள் நடுங்கும். நீளமே இல்லாத சிப்புக்கு r என்று ஒன்று இல்லை, ஆகவே ஷியர் கோணமும் இல்லை. சராசரி Fc-ஐ வைத்துச் சக்தியைக் கணக்கிடலாம். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஈயம் கலந்த கன்மெட்டல் புஷ்ஷும் பெரும்பாலும் இப்படித்தான் உதிரும். ரம்பப் பல் சிப் டைட்டானியத்திலும் கடினப்படுத்திய எஃகிலும் வரும். மலைப் பட்டறைக்கு அது அரிது.

சிப்பின் உருவத்தையும் வகையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மைல்ட் ஸ்டீலை சிப் பிரேக்கர் உள்ள இன்சர்ட்டால் வெட்டினால் சிப் சின்னச் சின்ன அரைவட்டங்களாக விழும். அது துண்டுச் சிப் அல்ல. தொடர் சிப்பாகப் பிறந்து, வளைந்து, எதிலோ மோதி உடைந்தது. ஒரு துண்டை எடுத்து உள்பக்கத்தைப் பார்த்தால் முழு நீளத்துக்கும் ஒரே மினுமினுப்பு இருக்கும், உடைப்பு இரு முனையிலும் மட்டும் தெரியும்.

இந்தக் குழப்பம் இங்கே அதிகம் வருவது சிடிசி ரோலரில். பற்கள் தேய்ந்த ரோலரை லேத்தில் ஏற்றி மேலே ஒரு சுற்றுச் சீவும்போது, கீழே விழுவது எல்லாம் குட்டைத் துண்டுகள். ஸ்டெயின்லெஸ் காஸ்ட் அயர்ன் மாதிரி உதிர்கிறதே என்று புதிதாகச் சேர்ந்த பையன்கள் கேட்பார்கள். எங்கள் பட்டறை டர்னர் அண்ணன் அப்போது ஒரு துண்டை இடுக்கியில் எடுத்துக் கொடுத்து, "அடியைத் திருப்பிப் பாரு தம்பி, அப்புறம் சொல்லு" என்பார். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே பள்ளம் இருப்பதால் சிப் அங்கே அறுந்திருக்கிறது, அவ்வளவுதான். பல்லின் உச்சியைக் கடக்கும்போது வந்தது தடித்த, முறுக்கேறிய தொடர் சிப்.

அதனால் ரோலருக்கான டூலைக் காஸ்ட் அயர்னுக்கு அரைப்பதுபோல் ரேக் இல்லாமல் அரைக்கக் கூடாது. ரேக் இல்லையென்றால் φ சரியும், சிப் தடிக்கும், விசை ஏறும்; ஒவ்வொரு பல்லிலும் அந்த விசை அடியாக வந்து விழும். கடினமான கார்பைட் தரத்தைவிட அடி தாங்கும் தரமே இதற்கு ஏற்றது. ஃபீடையும் மிகச் சிறிதாக வைக்கக் கூடாது. முந்தைய சுற்று ஸ்டெயின்லெஸ்ஸின் மேல்தோலை இறுக்கி வைத்திருக்கும், ஃபீட் 0.1 மிமீக்குக் கீழே போனால் டூல் அந்த இறுகிய தோலுக்குள்ளேயே உழன்று மழுங்கும்.